கடன் பத்திரத்தின் ரேட்டிங்: எழுத்துக்குப் பின்னால் இருப்பதைப் படிப்பது எப்படி?

ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரத்தை வாங்குகிறவர் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறார். பங்கு வாங்கியவருக்கு நிறுவனம் வளர வளர லாபம் பெருகும். கடன் கொடுத்தவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிறுவனம் பத்து மடங்கு வளர்ந்தாலும் எழுதிக் கொடுத்த வட்டியும் அசலும்தான் கிடைக்கும். ஆனால் நிறுவனம் நொடித்துப் போனால் மொத்தமும் போகலாம். அதனால் கடன் கொடுப்பவர் கேட்கும் கேள்வி மிகக் குறுகியது: சொன்ன தேதியில் சொன்ன தொகை வருமா, வராதா?

ரேட்டிங் என்பது இந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் பதில். உலக அளவில் இந்த வேலையை முக்கியமாகச் செய்பவை எஸ் அண்ட் பி, மூடீஸ், ஃபிட்ச் ஆகிய மூன்று. 1909-இல் ஜான் மூடி அமெரிக்க ரயில்வே நிறுவனங்களின் கடன் பத்திரங்களைத் தரம் பிரித்து எழுத்துகளைக் கொடுத்ததிலிருந்து அடிப்படை ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. எஸ் அண்ட் பி, ஃபிட்ச் இரண்டிலும் AAA உச்சம். பிறகு AA, A, BBB, BB, B, CCC என்று இறங்கி, பணம் கொடுக்கத் தவறியவர்களுக்கான D-யில் முடியும். மூடீஸ் இதையே Aaa, Aa, A, Baa, Ba, B, Caa என்று எழுதும். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் நுண்ணிய படிகள் உண்டு. எஸ் அண்ட் பியில் BBB+, BBB, BBB- என்று வருபவை மூடீஸில் Baa1, Baa2, Baa3 என்று வரும்.

உச்சப் படியில் கூட்டமே இருக்காது. 2016-இல் எக்ஸான்மொபில் தன் AAA-வை இழந்தபோது, எஸ் அண்ட் பியிடம் அந்தத் தரத்தை வைத்திருந்த அமெரிக்க நிறுவனங்கள் மைக்ரோசாப்ட், ஜான்சன் அண்ட் ஜான்சன் என இரண்டாகச் சுருங்கின. ஆகவே ஒரு நிறுவனம் BBB-யில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. பெயர் பெற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன.

BBB- என்ற படி மட்டும் தனிக் கவனத்துக்குரியது. அதுவும் அதற்கு மேலே உள்ளவையும் முதலீட்டுத் தரம். அதற்குக் கீழே உள்ளவற்றை ஊக வணிகத் தரம் என்பார்கள்; சந்தையில் குப்பைப் பத்திரம் என்றே பேச்சு. இந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் நிறுவனத்தின் ஆலையிலோ விற்பனையிலோ அன்று எந்த மாற்றமும் நேராது. ஆனால் பல காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் முதலீட்டுத் தரத்துக்குக் கீழே உள்ளதை வைத்திருக்கக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டவை. அவை விற்றே ஆக வேண்டும் என்பதால் பத்திரத்தின் விலை சரியும். 2020 மார்ச்சில் எஸ் அண்ட் பி, ஃபோர்டு நிறுவனத்தை BBB-யிலிருந்து அல்ல, BBB- என்ற விளிம்புப் படியிலிருந்து BB+-க்கு இறக்கியது. ஒரே ஒரு படிதான், ஆனால் அந்த ஒரு படியில் கோடு தாண்டியாகிவிட்டது. 2023-இல் ஃபோர்டு திரும்பவும் முதலீட்டுத் தரத்துக்கு ஏறியது. கோட்டுக்குக் கீழே போனவர்கள் எல்லோரும் திவாலாகிவிடுவதில்லை என்பதற்கும் அதே நிறுவனம் சாட்சி.

எந்தக் கடனுக்கான ரேட்டிங்?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் பக்கத்தில் உள்ள எழுத்தையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் ரேட்டிங் இரண்டு வகையாகக் கொடுக்கப்படுகிறது. நிறுவனத்துக்கென்று ஒன்று, அது வெளியிட்ட ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனியாக ஒன்று. ஒரே நிறுவனத்தின் இரண்டு பத்திரங்கள் வெவ்வேறு படிகளில் இருக்கலாம்.

காரணம், நிறுவனம் விழுந்தால் யாருக்கு முதலில் பணம் கிடைக்கும் என்ற வரிசை. சொத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கொடுத்த கடன் முன்னே நிற்கும். ஈடில்லாத சாதாரணக் கடன் அடுத்தது. கீழ்நிலைக் கடன் என்று ஆவணத்திலேயே எழுதப்பட்டது அதற்கும் பின்னால், பங்குதாரர்களுக்குச் சற்று முன்னால் நிற்கும். கீழ்நிலைப் பத்திரத்துக்கு நிறுவனத்தின் ரேட்டிங்கைவிட ஒன்றிரண்டு படி குறைத்துத் தருவது வழக்கம். விளம்பரத்தில் நிறுவனத்தின் ரேட்டிங்கைப் பெரிதாகப் போட்டு, விற்கப்படுவது கீழ்நிலைப் பத்திரமாக இருந்தால் வாங்குகிறவர் ஏமாறுவார். பத்திரத்தின் முழுப் பெயரையும் அதற்குரிய அடையாள எண்ணையும் வைத்து, மதிப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தப் பத்திரத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பாதுகாப்பு.

குழுமங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆலைகளும் வருமானமும் துணை நிறுவனங்களிடம் இருக்கும். பத்திரம் வெளியிடுவது மேலே உள்ள தாய் நிறுவனமாக இருக்கும். துணை நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அங்கேயே எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் மேலே வரும். ஆவணத்தில் கீழ்நிலை என்ற சொல்லே இல்லாவிட்டாலும் தாய் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் உண்மையில் பின்வரிசையில்தான் நிற்கிறார்.

அடுத்து, எந்த அளவுகோலில் கொடுத்த ரேட்டிங் என்று பார்க்க வேண்டும். உலக அளவுகோல் ஒன்று. ஒரு நாட்டுக்குள் இருக்கும் நிறுவனங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடும் உள்நாட்டு அளவுகோல் இன்னொன்று. உள்நாட்டு அளவுகோலில் AAA என்றால் அந்த நாட்டுக்குள் மிக நம்பகமானவர்களில் ஒருவர் என்று பொருள். அதே நிறுவனம் உலக அளவுகோலில் BBB-யிலோ அதற்கும் கீழேயோ இருக்கலாம். இரண்டும் தவறில்லை, ஒப்பிடத்தான் கூடாது. எழுத்துகளுக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு எழுத்துகள் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கின்றன.

காரண அறிக்கையைத் திறப்போம்

எழுத்தைப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். அந்த எழுத்தை ஏன் கொடுத்தார்கள் என்று விளக்கும் அறிக்கையைப் படிக்க அரை மணி நேரம் ஆகும். என்னைக் கேட்டால், எழுத்தை மறைத்துவிட்டு அறிக்கையை மட்டும் கொடுத்தால்கூடக் கடன் கொடுப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லை. பெரும்பாலும் சில பக்கங்களே கொண்ட இந்த அறிக்கை இலவசமாகவே கிடைக்கும்.

முதல் பகுதியில் நிறுவனத்தின் பலம், பலவீனம் என்று சில பத்திகள் இருக்கும். அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். சந்தையில் முன்னணி, அனுபவமிக்க நிர்வாகம் என்பவை எல்லா அறிக்கையிலும் வருபவை. நிற்க வேண்டிய இடம், எவை நடந்தால் ரேட்டிங் உயரும், எவை நடந்தால் குறையும் என்று சொல்லும் பகுதி. அங்கேதான் மதிப்பீட்டாளர் எண்ணோடு பேசுகிறார்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மின்கம்பிகள் செய்கிறது. மொத்தக் கடன் 1,200 கோடி. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம், அதாவது எபிட்டா, ஆண்டுக்கு 400 கோடி. தேய்மானம் 100 கோடி, வட்டி 108 கோடி. ரேட்டிங் BBB, எதிர்நோக்கு நிலையானது, அதாவது அந்த எழுத்து விரைவில் மாறும் என்று மதிப்பீட்டாளர் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிடுகிறது.

கடனை எபிட்டாவால் வகுத்தால் 3 மடங்கு. இப்போதைய வருமானத்தில் கடன் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. தேய்மானத்தைக் கழித்த லாபம் 300 கோடி. அதை வட்டியால் வகுத்தால் சுமார் 2.8 மடங்கு. ஒவ்வொரு ரூபாய் வட்டிக்கும் கையில் 2.80 ரூபாய் லாபம் இருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு எண்களும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அறிக்கை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: கடன்–எபிட்டா விகிதம் 3.5 மடங்குக்கு மேல் நீடித்தால் ரேட்டிங் குறைக்கப்படலாம், 2.5 மடங்குக்குக் கீழே நிலைத்தால் உயர்த்தப்படலாம். இப்போது விகிதம் 3. எபிட்டா எவ்வளவு விழுந்தால் 3.5-ஐத் தொடும்? 1,200-ஐ 3.5-ஆல் வகுத்தால் 343 கோடி. அதாவது லாபம் 14 சதவீதம் குறைந்தால் விளிம்புக்கு வந்துவிடும். அடுத்து நிறுவனத்தின் பழைய ஆண்டறிக்கைகளை எடுத்து, கடந்த சில ஆண்டுகளில் எபிட்டா எப்போதாவது 14 சதவீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாமிர விலை எகிறிய ஒரே ஆண்டில் 20 சதவீதம் விழுந்திருந்தது என்றால், இந்த BBB ஒரு மோசமான ஆண்டைத் தாங்காத BBB. லாபம் ஆண்டுதோறும் ஐந்து சதவீதத்துக்குள்ளேயே ஏறி இறங்கும் நிறுவனம் என்றால் அதே 14 சதவீத இடைவெளி தாராளம். எழுத்து ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கடன் ஒன்றல்ல.

இனி அந்த நிறுவனம் புதிய ஆலைக்காக 300 கோடி கடன் வாங்கப் போவதாக அறிவிக்கிறது. கடன் 1,500 கோடி. ஆலை ஓடத் தொடங்க இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை எபிட்டா 400 கோடியிலேயே நின்றால் விகிதம் 3.75. எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. 3.5-க்குள் இருக்க வேண்டுமானால் பழைய ஆலைகளே சுமார் 429 கோடி எபிட்டா தர வேண்டும். மதிப்பீட்டாளர் இந்த ஆலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் BBB கொடுத்தாரா, அதற்கு முன்பே கொடுத்தாரா என்பதை அறிக்கையின் தேதியும் அதில் உள்ள முதலீட்டுத் திட்டம் பற்றிய வரியும் சொல்லிவிடும். ஆலை அறிவிப்புக்கு முந்தைய அறிக்கை என்றால் அந்த எழுத்து பழைய நிறுவனத்துக்கு உரியது.

நீங்கள் போடும் கணக்கும் அறிக்கையில் உள்ள எண்ணும் சில நேரம் பொருந்தாது. மதிப்பீட்டாளர்கள் குத்தகைப் பொறுப்புகளையும் ஓய்வூதியப் பற்றாக்குறையையும் கடனில் சேர்ப்பார்கள். சில இடங்களில் கையிருப்புப் பணத்தைக் கழிப்பார்கள். வேறுபாடு சிறிதாக இருந்தால் விட்டுவிடலாம். நிறுவனத்தின் கணக்கில் 3 என்று வருவது அறிக்கையில் 4.2 என்று இருந்தால், எதைக் கடனாகச் சேர்த்தார்கள் என்று தேடிப் பார்ப்பது பயன் தரும். துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் போன்றவை அங்கேதான் வெளிவரும்.

லாபம் இருந்தும் விழுவது எப்படி?

கடன் வாங்கிய நிறுவனங்களை வீழ்த்துவது பெரும்பாலும் நஷ்டம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு நாள் காலையில் கட்ட வேண்டிய பணம் கையில் இல்லாமல் போவதுதான் வீழ்த்துகிறது. லாபம் காட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கும் அது நேரும்.

நம் மின்கம்பி நிறுவனத்துக்கு அடுத்த 12 மாதங்களில் 500 கோடி பழைய கடன் முதிர்வடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 90 கோடி பணம். வங்கி உறுதியாக ஒதுக்கி, இன்னும் எடுக்காத கடன் வரம்பு 150 கோடி. 400 கோடி எபிட்டாவில் வட்டி, வரி, ஆலைகளைப் பழுதின்றி ஓட்டும் செலவு எல்லாம் போக மிஞ்சுவது 130 கோடி. கூட்டினால் 370 கோடி. கட்ட வேண்டியது 500. குறைகிற 130 கோடியை யாராவது புதிதாகக் கடன் கொடுத்தால்தான் பழைய கடன் அடையும். நல்ல காலத்தில் இது சாதாரணமாக நடந்துவிடும். சந்தை பயந்துபோயிருக்கும் மாதத்தில் முதிர்வு வந்து நின்றால் கதை மாறும்.

அறிக்கையில் பணப்புழக்கம் பற்றி ஒரு பத்தி இருக்கும். போதுமானது, வலுவானது, பலவீனமானது என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். அந்தச் சொல்லோடு நிற்காமல் மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வங்கி வரம்பு உறுதி செய்யப்பட்டதா, வங்கி நினைத்தால் நிறுத்திவிடக் கூடியதா என்பதும் முக்கியம். நிறுத்தக்கூடிய வரம்பு, தேவைப்படும் அன்றைக்குத்தான் நிறுத்தப்படும்.

இதைவிட ஆபத்தான ஒன்று, ரேட்டிங் குறைந்தால் கடனை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும் நிபந்தனை. எரிசக்தி நிறுவனமான என்ரானின் கடைசி வாரங்களைப் பார்த்தால் இது எப்படி வேலை செய்கிறது என்று புரியும். 2001 அக்டோபர் நடுவில் அது பெரிய நஷ்டத்தை அறிவித்தது. கணக்குகளில் மறைத்து வைத்திருந்த கூட்டு நிறுவனங்கள் பற்றிய செய்திகள் வெளிவந்தன. நவம்பர் 9 அன்று எஸ் அண்ட் பி அதை BBB- படிக்கு இறக்கியது. இன்னும் முதலீட்டுத் தரம்தான். ஆனால் அந்த இறக்கமே 69 கோடி டாலர் கடன் ஒன்றை முன்கூட்டியே கேட்கும் உரிமையைக் கடன் கொடுத்தவர்களுக்கு அளித்துவிட்டது. முதலீட்டுத் தரத்துக்குக் கீழே போனால் மேலும் சில நூறு கோடி டாலர் கடன் உடனடியாகக் கழுத்துக்கு வரும் என்பதும் வெளியானது. டைனர்ஜி என்ற போட்டி நிறுவனம் என்ரானை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்ததால் மதிப்பீட்டு நிறுவனங்கள் காத்திருந்தன. நவம்பர் 28 அன்று மூன்றும் என்ரானைக் குப்பைத் தரத்துக்கு இறக்கின, டைனர்ஜியும் விலகியது. டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் மனு கொடுத்தது.

அதாவது முதலீட்டுத் தரத்திலிருந்து திவாலுக்கு நான்கு நாட்கள். ரேட்டிங் தாமதமாக வந்தது என்று சொல்வது உண்மையே, ஆனால் அது பாதிதான். இங்கே ரேட்டிங்கே வெடிமருந்தாகவும் இருந்தது. இறக்கினால் நிறுவனம் விழும், அதனால் இறக்கத் தயக்கம், தயங்கியதால் எழுத்து பொய்யாகிப் போனது. எனவே கடன் ஒப்பந்தங்களில் இத்தகைய நிபந்தனை இருக்கிறதா என்று வெளியீட்டு ஆவணத்தில் தேட வேண்டும். இருந்தால், விளிம்பில் நிற்கும் BBB- ஒன்றை நான் முதலீட்டுத் தரமாக எண்ண மாட்டேன்.

எழுத்து ஒன்று, விலை வேறு

மதிப்பீட்டு நிறுவனங்கள் வேண்டுமென்றே நிதானமாக நகர்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் எழுத்தை மாற்றினால் யாருக்கும் பயனில்லை என்பது அவர்கள் தரப்பு நியாயம். இடைப்பட்ட காலத்துக்கு இரண்டு அடையாளங்களை வைத்திருக்கிறார்கள். எதிர்நோக்கு என்பது வரும் ஓரிரு ஆண்டுகளில் எந்தப் பக்கம் நகர வாய்ப்பு அதிகம் என்று சொல்வது. நேர்மறை, நிலையானது, எதிர்மறை என்று வரும். கண்காணிப்புப் பட்டியல் அதைவிட அவசரமானது. இணைப்பு அறிவிப்பு, விசாரணை போன்ற குறிப்பிட்ட நிகழ்வு ஒன்று நடந்தபின் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுப்பார்கள். எதிர்மறை எதிர்நோக்குள்ள A-ஐ மனதுக்குள் ஒரு படி குறைத்துப் படித்துக்கொள்வது நல்லது.

எழுத்தை அப்படியே நம்பாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. 1970-களின் தொடக்கம்வரை ரேட்டிங் அறிக்கைகளை முதலீட்டாளர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அதன்பின் பத்திரம் வெளியிடும் நிறுவனமே மதிப்பீட்டுக்குக் கட்டணம் கொடுக்கும் முறை வந்தது. தேர்வு எழுதுபவரே தேர்வாளருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இது. எல்லா எழுத்தும் விலைபோய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. சாதாரண நிறுவனப் பத்திரங்களில் படிகளின் வரிசை நீண்ட காலக் கணக்கில் ஒழுங்காகவே பொருந்தி வந்திருக்கிறது. ஆனால் இரண்டு மதிப்பீட்டு நிறுவனங்கள் வெவ்வேறு படிகளைக் கொடுத்திருந்தால், விளம்பரத்தில் வருவது உயர்ந்த படிதான். தாழ்ந்த படியைக் கொடுத்தவரின் அறிக்கையை முதலில் படிக்க வேண்டும்.

இந்தத் தாமதத்தைச் சரிபார்க்கச் சந்தையிலேயே ஒரு வழி இருக்கிறது. அதே படி, ஏறக்குறைய அதே முதிர்வுக் காலம், அதே நாணயம் உள்ள நான்கைந்து பத்திரங்களை எடுத்து, இன்றைய விலையில் அவை தரும் வருவாய் விகிதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற BBB பத்திரங்கள் 8 சதவீதம் தரும்போது நம் பத்திரம் மட்டும் 11 தருகிறது என்றால், விற்பவர்கள் அதை BBB-யாக நினைக்கவில்லை. அவர்கள் தவறாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று சதவீதம் எதற்காக என்று காரணம் கண்டுபிடிக்காமல் வாங்குவது, சந்தைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். பேரமில்லாமல் அதிக வட்டி தருகிற கடனாளி யாருமில்லை.

கிடைக்கும் கூடுதல் வட்டி போதுமா?

ரேட்டிங் ஒரு நிறுவனம் இத்தனை சதவீத வாய்ப்பில் தவறும் என்று உறுதி கொடுப்பதில்லை. யார் யாரைவிட நம்பகம் என்ற வரிசையை மட்டும் சொல்கிறது. ஆனால் பல பத்தாண்டுப் பதிவுகளிலிருந்து ஒரு தோராயம் கிடைக்கும். 1981 முதல் உள்ள எஸ் அண்ட் பியின் உலகளாவிய பதிவுகளில், BBB வகையில் இருந்தவர்களில் ஐந்தாண்டுகளுக்குள் தவணை தவறியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை பேர். BB-யில் ஆறேழு பேர். B-யில் பதினாறு பதினேழு பேர். படிகள் சம உயரம் கொண்டவை அல்ல என்பதைக் கவனியுங்கள். BBB-யிலிருந்து B வரை எழுத்தில் இரண்டு படி. ஆபத்தில் பத்து மடங்குக்கும் மேல்.

தவறினால் எல்லாம் போய்விடாது. ஈடில்லாத சாதாரணப் பத்திரங்களில் நீண்ட காலச் சராசரியாக நூற்றுக்கு 40 அளவில் திரும்பக் கிடைத்திருக்கிறது. எனவே B வகைப் பத்திரங்கள் நூற்றை வாங்கி வைத்தால், ஐந்தாண்டில் 17 தவறி, ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் போகும். மொத்த இழப்பு சுமார் 10 சதவீதம், ஆண்டுக்கு 2. அதே காலத்து அரசுப் பத்திரத்தைவிட 2 சதவீதம் மட்டுமே கூடுதலாகத் தரும் B பத்திரம் வாங்கியவருக்கு, சராசரியில் ஆபத்துக்கு ஈடாக ஒன்றும் மிஞ்சாது. BBB-க்கு இதே கணக்கைப் போட்டால் ஆண்டு இழப்பு 0.2 சதவீதத்துக்கும் கீழே வரும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நூறு பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான் சராசரி. ஒரே ஒரு B பத்திரம் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 2 சதவீத இழப்பு என்பது ஒருபோதும் நேராது. ஒன்று, எதுவும் போகாது. அல்லது பாதிக்கு மேல் போகும். 40 என்ற சராசரிக்கும் அகலம் பெரிது. 2008 செப்டம்பர் 15 அன்று திவாலான லேமன் பிரதர்ஸ் அன்று காலை வரை A வகையில் இருந்த நிறுவனம். அடுத்த மாதம் நடந்த ஏலத்தில் அதன் பத்திரங்களுக்கு 100-க்கு 8.625 என்றே விலை நிர்ணயமானது. ஆகவே சில பத்திரங்கள் மட்டும் வாங்க முடிகிறவர் படியைக் கீழே இறக்கி வட்டியைத் தேடுவதைவிட, ஒரு நிறுவனத்தில் போடும் தொகையைக் குறைத்துக்கொள்வது மேல். பல பத்திரங்களாகப் பிரிக்க இயலாதவர் B வகையைத் தொடாமல் இருப்பதே கணக்குக்கு ஒத்துவரும்.

வாங்கிய பிறகு

பத்திரம் ஐந்தாண்டு கையில் இருக்கப் போகிறது. மதிப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்து புதிய அறிக்கை வெளியிடும். புது அறிக்கை வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து, குறைப்பதற்கான எல்லை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத்து மாறாமலேயே அந்த எல்லை தளர்வதுண்டு. நம் நிறுவனத்துக்கு 3.5 என்று இருந்தது அடுத்த ஆண்டு 4 என்று ஆகியிருந்தால், நிறுவனம் கடனைக் குறைக்கவில்லை. அளவுகோல் அதற்கு வழி விட்டிருக்கிறது. அதற்கு அறிக்கையில் நியாயம் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். லாபத்தின் ஏற்ற இறக்கம் குறைந்தது, பெரிய வாடிக்கையாளரோடு நீண்ட கால ஒப்பந்தம் ஆனது போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள்.

சில பத்திரங்களில் ரேட்டிங் குறைந்தால் வட்டி கால் அல்லது அரை சதவீதம் உயரும் என்ற நிபந்தனை இருக்கும். வாங்கியவருக்குச் சாதகமானதுபோல் தோன்றும் இதற்கும் இரண்டு பக்கம் உண்டு. சிரமத்தில் இருக்கும் நிறுவனத்தின் வட்டிச் சுமை அந்த நேரத்தில் கூடுகிறது. கடனில் சிறு பகுதிக்கு மட்டும் இந்த நிபந்தனை இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எழுத்தே இல்லாமல் போவதும் உண்டு. எஸ் அண்ட் பியில் NR என்றும் மூடீஸில் WR என்றும் வரும். கடன் முழுவதும் அடைந்துவிட்டால் ரேட்டிங்கைத் திரும்பப் பெறுவது சாதாரணம். பத்திரம் இன்னும் சந்தையில் இருக்கும்போதே நிறுவனம் கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றிருந்தால், அதற்கு முந்தைய அறிக்கையின் தேதியையும் அதன் கடைசி நகர்வையும் பார்க்க வேண்டும். ஒரு படி குறைத்து, எதிர்நோக்கை எதிர்மறையாக்கி, சில வாரங்களில் திரும்பப் பெற்ற ரேட்டிங் என்றால் அடுத்த அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். இத்தகைய பத்திரத்தை விற்க வருகிறவர் பெரும்பாலும் பழைய, உயர்ந்த எழுத்தையே சொல்வார். அது எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று அவரிடமே கேட்டுவிடலாம்.